இடப்பக்கக் கீழ் மூலை

நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரில் ஒருவர் போய்விட்டால் மற்றவரும் அதிக காலம் தாங்கமாட்டார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆயுள் காப்பீட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது வெறும் பேச்சு அல்ல, பணம். கணவன், மனைவி இருவரில் கடைசியாக இருப்பவர் கண்மூடும்வரை பென்ஷன் தரும் திட்டங்கள் உண்டு. அவற்றுக்கு விலை வைக்கும்போது கணவரின் ஆயுள் தனி, மனைவியின் ஆயுள் தனி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்வதுதான் பழைய வழக்கம். ஃப்ரீஸ், கேரியர், வால்டெஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996-இல் கனடாவின் பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பதிவுகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். இரண்டு ஆயுள்களும் ஒன்றோடொன்று பிணைந்தே இருந்தன. அந்தப் பிணைப்பைக் கணக்கில் சேர்த்தபோது பென்ஷனின் மதிப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்தது.

சீனாவில் பிறந்து, கனடாவில் காப்பீட்டுக் கணிதமும் புள்ளியியலும் படித்த டேவிட் லி இந்தத் துறையை நன்றாக அறிந்தவர். கடன் வாங்கிய நிறுவனம் ஒன்று கட்டமுடியாமல் கைவிரிப்பதும் ஒருவகை மரணம்தானே என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நிறுவனம் விழுந்தால் இன்னொன்று எவ்வளவு காலம் தாங்கும் என்பதை, தம்பதியர் ஆயுளுக்குப் போடும் அதே கணக்கால் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையைச் சில ஆண்டுகளிலேயே உலகின் பெரிய வங்கிகள் எல்லாம் தங்கள் கணினிகளில் ஏற்றிக்கொண்டன. அதில் அவர் பயன்படுத்திய கருவியின் பெயர் காப்புலா. லத்தீனில் இணைப்பு, கட்டு என்று பொருள்.

அந்தச் சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஏப் ஸ்க்லார் என்ற அமெரிக்கர். 1959-இல் பிரெஞ்சு மொழியில், பாரிஸிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில், சில பக்கங்களில் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. இரண்டு பொருள்களின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நமக்குத் தெரியவேண்டியதை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே எப்படி ஆடுகிறது என்பது ஒரு பாதி. அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது மறுபாதி. இந்த மறுபாதி மட்டும்தான் காப்புலா.

எப்படிப் பிரிப்பது? பள்ளி ரேங்க் முறைதான். ஒரு வகுப்பில் கணக்குத் தேர்வு கடினமாக இருந்து எல்லாரும் 40-க்கும் 60-க்கும் நடுவே வாங்கியிருக்கலாம், இயற்பியல் எளிதாக இருந்து எல்லாரும் 80-க்கு மேல் வாங்கியிருக்கலாம். மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு பாடத்திலும் ரேங்க் மட்டும் எழுதினால், தேர்வின் கடுமையெல்லாம் மறைந்துவிடும். கணக்கில் கடைசியாக வந்தவர் இயற்பியலிலும் கடைசியா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

பங்கையும் தங்கத்தையும், அல்லது இரண்டு பங்குகளையும் இப்படியே செய்யலாம். 1000 வர்த்தக நாள்களை, அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பங்குக்கு மிக மோசமான நாளுக்கு எண் 1, மிக நல்ல நாளுக்கு எண் 1000. இரண்டாவது பங்குக்கும் அதே மாதிரி. ஒரு சதுரக் கட்டம் வரைந்து, கிடைக்கோட்டில் முதல் பங்கின் ரேங்க்கும் நிலைக்கோட்டில் இரண்டாவதன் ரேங்க்கும் வரும்படி நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்த 1000 புள்ளிகளின் கோலம்தான் காப்புலா. இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் புள்ளிகள் சதுரம் முழுக்கச் சீராகத் தெளித்தாற்போல் கிடக்கும். தொடர்பு இருந்தால் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும் பட்டையாகத் திரளும்.

இரண்டும் சேர்ந்து நொறுங்கிய நாள்கள் எல்லாம் இடப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த மூலையைப் பற்றியது.

பள்ளிப் பாடத்தில் ஒட்டுறவுக் கெழு என்று படித்திருப்போம். முழுத் தொடர்பு இருந்தால் 1, நேர்கோட்டுத் தொடர்பு எதுவும் இல்லையென்றால் 0. முதலீட்டு ஆலோசகர்கள் இரண்டு பொருள்களின் ஒட்டுறவு குறைவு, எனவே இரண்டிலும் போட்டால் பாதுகாப்பு என்று சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் அது ஆயிரம் நாள்களையும் சேர்த்துப் பிழிந்த ஒரே எண். அதில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நாள்கள் ஒன்றும் நடக்காத சாதாரண நாள்கள். சதுரத்தின் நடுப்பகுதியைப் பற்றி அது நிறைய பேசும். மூலையைப் பற்றிப் பேசாது.

எந்த அளவுக்குப் பேசாது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒட்டுறவு 0.5 என்று அமைந்த இரண்டு காப்புலாக்கள் இருக்கின்றன. ஒன்று கௌசியன் காப்புலா, மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த கட்டு. லி பயன்படுத்தியது இதுதான். மற்றொன்று ஸ்டூடன்ட் டி என்ற பரவலிலிருந்து எடுத்தது. இதில் எவ்வளவு அதிர்ச்சிக்கு இடம் என்பதைத் தீர்மானிக்கும் அளவை 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சதுரத்தில் வரைந்தால் நடுப்பகுதியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. முதல் பங்குக்கு இன்று நூற்றில் ஐந்து மோசமான நாள்களில் ஒன்று. இரண்டாவதற்கும் அப்படியே இருக்க வாய்ப்பு என்ன? கௌசியன் 24 விழுக்காடு என்கிறது, டி 34 என்கிறது. கொஞ்சம் ஆழமாகப் போவோம். முதல் பங்குக்கு நூற்றில் ஒரு மோசமான நாள் என்றால் கௌசியன் 13, டி 29. இன்னும் ஆழமாக, ஆயிரத்தில் ஒரு நாள் என்றால் கௌசியன் வெறும் 5, டி 26.

எண்கள் போகும் திசையைப் பாருங்கள். அழிவு பெரிதாகப் பெரிதாக, கௌசியன் கட்டு தளர்ந்துகொண்டே போகிறது. மிக மிக மோசமான நாளில் இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று அறியாதவைபோல் நடந்துகொள்ளும் என்கிறது. ஒட்டுறவு 0.5 என்று இருந்தாலும், 0.9 என்று இருந்தாலும், கடைசியில் பூஜ்யத்துக்குத்தான் போய்ச்சேரும். டி காப்புலாவில் எவ்வளவு ஆழம் போனாலும் 25 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. இப்படி அடியாழத்தில் மிஞ்சி நிற்கும் பிணைப்புக்கு வால் சார்பு என்று பெயர். பரவலின் வரைபடத்தில் இரு ஓரங்களிலும் நீண்டு மெலியும் பகுதியை வால் என்பார்கள், அதனால் வந்த பெயர்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. இயல்நிலைப் பரவலின் வால் இப்படிக் கழன்றுபோகும் என்பதை மசாகி சிபுயா என்ற ஜப்பானியப் புள்ளியியலாளர் 1960-இலேயே நிறுவிவிட்டார். லியின் கட்டுரைக்கு 40 ஆண்டு முன்பு. அந்தக் கட்டுரை வெளிவருவதற்குச் சற்று முன்பே, சூரிக் நகரில் பால் எம்ப்ரெக்ட்ஸ், அலெக்சாண்டர் மெக்நீல், டேனியல் ஸ்ட்ராமான் மூவரும் ஒட்டுறவை நம்பி இடர்க் கணக்குப் போடுவதன் ஆபத்தைத் தெளிவாக எழுதினார்கள். பாடநூல்களில் வரும் ஒரு கணக்கு என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டுக்குப் பதிலாக ஐந்து பங்குகள், எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு 0.5. ஐந்துக்கும் ஒரே நாளில், நூற்றில் ஒன்றான மோசமான நாள் வாய்க்க எவ்வளவு காலம் ஆகும்? கௌசியன் கணக்கில் சராசரியாக 51 ஆண்டுக்கு ஒருமுறை. டி கணக்கில் ஏழாண்டுக்கும் குறைவான இடைவெளியில் ஒருமுறை. ஒருவரின் முதலீட்டு வாழ்நாளில் வராமலே போகலாம் என்பதற்கும் ஐந்தாறு தடவை வரும் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒட்டுறவுக் கெழு இரண்டிலும் ஒன்றேதான்.

அமெரிக்க வீட்டுக்கடன்களில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு வருவோம். வங்கிகள் ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களை, கடன்பத்திரங்களை ஒன்றாகக் குவித்து, குவியலை அடுக்குகளாக வெட்டி விற்றன. தவணை தவறுவதால் வரும் நட்டத்தை முதலில் கீழ் அடுக்கு ஏற்கும், அது தீர்ந்தபின் நடு அடுக்கு, கடைசியாக மேல் அடுக்கு. மேல் அடுக்குக்கு தரமதிப்பீட்டு நிறுவனங்கள் உச்சத் தரமான ஏஏஏ கொடுத்தன. அந்தத் தரம் முழுக்க முழுக்க ஒரு கேள்வியின் மேல் நின்றது: ஒரே சமயத்தில் மிகப் பலர் தவணை தவறுவார்களா?

நானே போட்டுப் பார்த்த ஒரு சிறு கணக்கு. 100 வீட்டுக்கடன்கள், ஒவ்வொன்றும் தவற 5 விழுக்காடு வாய்ப்பு. மேல் அடுக்கு, 20 கடனுக்கு மேல் தவறினால்தான் அடிவாங்கும். கடன்காரர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்றால், 21 அல்லது அதற்கு மேல் தவறும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒன்று. உச்சத் தரம் கொடுக்கத் தயங்கவேண்டியதே இல்லை.

இனி ஒரே ஒரு மாற்றம். 50-இல் ஒருமுறை கெட்ட காலம் வரும், அப்போது வேலையிழப்பும் வீட்டு விலைச் சரிவும் சேர்ந்து ஒவ்வொரு கடனும் தவறும் வாய்ப்பு 30 விழுக்காடாகும். மற்றக் காலத்தில் அது 4.5 விழுக்காடு. மொத்தச் சராசரி பழையபடி 5-தான். இப்போது மேல் அடுக்கு அடிவாங்கும் வாய்ப்பு 50-இல் ஒன்று. கெட்ட காலம் வந்தாலே அநேகமாக அடுக்கு போய்விடும்.

ஐந்து கோடியில் ஒன்று, ஐம்பதில் ஒன்றானது. இந்த மாற்றத்தை ஒட்டுறவுக் கெழு காட்டிக்கொடுக்குமா என்று பார்த்தேன். எந்த இரண்டு கடனை எடுத்தாலும் அவற்றின் தவறுதலுக்கு இடையிலான ஒட்டுறவு 0.03-க்கும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் தவணை தவறினார் என்று தெரிந்தால், இவர் தவறும் வாய்ப்பு 5-லிருந்து ஏழரை விழுக்காடாகிறது, அவ்வளவுதான். இரண்டிரண்டாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதே சிறிய ஒட்டுறவைக் கௌசியன் காப்புலாவில் போட்டால் என்ன வரும்? 20-க்கு மேல் தவறும் வாய்ப்பை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே காட்டும். என் எடுத்துக்காட்டில் உண்மை 2 விழுக்காடு. 30 அல்லது அதற்கு மேல் தவறும் வாய்ப்பு உண்மையில் நூற்றில் ஒன்று. கௌசியன் அதை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறக்கிவிடும். ஆழம் போகப் போகப் பிழை பெருகுகிறது. மேல் அடுக்கு வாங்கியவர் குடியிருப்பதோ அந்த ஆழத்தில்தான். அவருக்குச் சதுரத்தின் நடுப்பகுதியோடு எந்த வேலையும் இல்லை, மூலைதான் அவருடைய முழுச் சொத்தும்.

நிறுவனக் கடன்களின் பிணைப்பை அளந்த வழியும் சிக்கலை வளர்த்தது. நிறுவனங்கள் உண்மையில் கைவிரித்த வரலாறு குறைவாக இருந்ததால், கடன் காப்பீட்டு ஒப்பந்தங்களின் சந்தை விலையிலிருந்து பிணைப்பைக் கணக்கிட்டவர்கள் உண்டு. அந்தச் சந்தையே சில ஆண்டு வயதுடையது. வீட்டுக்கடன்களின் கதையும் அதுவே. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்த ஆண்டுகளின் தரவில், தவணை கட்டமுடியாதவர் வீட்டை விற்றோ புதுக் கடன் வாங்கியோ தப்பித்தார். 2006-க்குப் பிறகு அமெரிக்க வீட்டு விலை நாடு முழுக்க நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியபோது, ஃபுளோரிடாவில் இருப்பவருக்கும் நெவாடாவில் இருப்பவருக்கும் அந்தக் கதவு ஒன்றாகவே மூடிக்கொண்டது. மேல் அடுக்குகளுக்குக் காப்பீடு விற்றிருந்த ஏஐஜி நிறுவனத்தைக் காப்பாற்ற 2008 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுக்க நேர்ந்தது.

பழி முழுவதையும் ஒரு சூத்திரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. வருமானச் சான்றே கேட்காமல் கொடுத்த கடன்கள், விற்பவரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு போட்ட தரம், கடனுக்கு மேல் கடன் வாங்கி நடத்திய வியாபாரம் எல்லாம் சேர்ந்தே அந்த வீழ்ச்சி. வங்கிகளில் இருந்த பல கணித வல்லுநர்களுக்குச் சூத்திரத்தின் குறை தெரிந்தும் இருந்தது. ஆனால் விலையைப் பேச எல்லாருக்கும் பொதுவான ஓர் எண் தேவைப்பட்டது. அதை அந்தச் சூத்திரம் கொடுத்தது.

வாலில் மட்டும் கட்டு ஏன் இறுகுகிறது? வீட்டுக்கடனில் பொதுக் காரணம் இருந்தது, வீட்டு விலை. சந்தையில் இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் அதை நாமே பார்த்தோம். மார்ச் 23 திங்கட்கிழமை சென்செக்ஸ் 3,934 புள்ளிகள், 13.15 விழுக்காடு, ஒரே நாளில் விழுந்தது. காலையில் 10 விழுக்காடு இறங்கியதும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தியும் பயனில்லை. கொரோனாவுக்குப் பயந்து பங்கு விழுவது புரிகிறது. தங்கம் ஏன் விழவேண்டும்? உலகச் சந்தையில் அந்த மாதத் தொடக்கத்தில் அவுன்ஸ் 1,680 டாலரை ஒட்டி இருந்த தங்கம், பத்தே நாளில் 1,470 பக்கம் வந்தது.

தங்கத்தின்மேல் யாருக்கும் நம்பிக்கை போய்விடவில்லை. கடன் வாங்கிப் பங்கில் போட்டிருந்தவர்களுக்கு, பங்கு விழுந்ததும் கூடுதல் மார்ஜின் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று மாலைக்குள் பணம் வேண்டும். விழுந்த பங்கை விற்றால் நட்டம் உறுதியாகும், வாங்கவும் ஆளில்லை. கையில் இருப்பதில் நல்ல விலைக்கு உடனே விற்கக்கூடியது எதுவோ அதைத்தான் விற்பார்கள். அது தங்கம். வீட்டில் அவசரம் வந்தால் முதலில் அடகுக்கடைக்குப் போவது நகைதான் என்பது நமக்குத் தெரியாததா? பங்குக்கும் தங்கத்துக்கும் பொருளாதாரத் தொடர்பு எதுவும் அன்று புதிதாக முளைக்கவில்லை. இரண்டையும் வைத்திருந்தவர் ஒருவரே என்பதுதான் தொடர்பு. சாதாரண நாளில் அது கண்ணுக்குத் தெரியாது, அவருக்குப் பணம் தேவைப்படும் நாளில் மட்டும் தெரியும். (நம் நகைக்கடை விலை அந்த அளவு சரியவில்லை. அதே நாள்களில் டாலருக்கு எதிராக ரூபாயும் இறங்கியதால், இங்கே அடியின் ஒரு பகுதி ஈடாகிவிட்டது.)

பலரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை இறங்குகிறது, இறங்குவதால் இன்னும் சிலருக்கு மார்ஜின் உத்தரவு போகிறது. ஏறும் சந்தையில் இப்படி வலுக்கட்டாயமாக ஒருவரை வாங்கவைக்கும் உத்தரவு அரிது. பங்குகள் சேர்ந்து ஏறுவதைவிடச் சேர்ந்து விழுவதில் ஒற்றுமை அதிகம் என்று ஆய்வுகள் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டி காப்புலா இரண்டு மூலைகளையும் ஒன்றாகவே நடத்தும், அது அதன் குறை. கீழ் மூலையில் மட்டும் இறுகும் கிளேட்டன் காப்புலாவைப் பலர் பயன்படுத்துவது இதனால்தான்.

உங்கள் இரண்டு முதலீடுகளுக்கு இடையில் வால் சார்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முன்பு சொன்ன ரேங்க் பட்டியலே போதும். 1000 நாள்களில் ஒவ்வொன்றின் மிக மோசமான 50 நாள்களைக் குறித்து, இரண்டு பட்டியலிலும் வரும் தேதிகளை எண்ணுங்கள். தொடர்பே இல்லையென்றால் இரண்டு, மூன்று தேதி ஒத்துப்போகும். ஒட்டுறவு 0.5 உள்ள கௌசியன் கட்டு என்றால் 12. டி கட்டு என்றால் 17. எண்ணிக்கை 17-ஐத் தாண்டினால் ஒட்டுறவுக் கெழு உங்களிடம் எதையோ மறைக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் நமக்கு உண்மையில் வேண்டியது இன்னும் ஆழமான மூலை. மோசமான 10 நாள்களை மட்டும் எடுத்து எண்ணினால் கௌசியன் சராசரியாக 1.3 தேதியை எதிர்பார்க்கிறது, டி கிட்டத்தட்ட 3. நீங்கள் எண்ணியதில் இரண்டு வந்தால் எது சரி? சொல்லவே முடியாது. மூலையில் புள்ளிகள் குறைவு, குறைவாக இருப்பதால்தான் அது மூலை. எந்தக் காப்புலாவைத் தேர்ந்தாலும் அங்கே நாம் சொல்வதில் பெரும்பகுதி தரவிலிருந்து வருவதில்லை, தேர்ந்தெடுத்த வடிவத்திலிருந்து வருகிறது. நல்ல இடர் மேலாளர்கள் அதனால் இரண்டு மூன்று வடிவங்களில் கணக்குப் போட்டு, விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பார்கள். கூடவே, இந்தப் பொருளை வைத்திருக்கும் மற்றவர்கள் யார், அவர்கள் யாருடைய கடனில் வைத்திருக்கிறார்கள் என்றும் விசாரிப்பார்கள். இந்தக் கேள்விக்கு விலைப் பட்டியலில் பதில் இருக்காது.

கௌசியன் காப்புலா 2008-உடன் மறைந்துவிடவில்லை. வங்கிகள் நட்டத்தைத் தாங்க எவ்வளவு மூலதனம் ஒதுக்கவேண்டும் என்று சொல்லும் பாசெல் விதிகளில், பெரிய வங்கிகள் தம் சொந்த மதிப்பீட்டை வைத்துக் கணக்கிடும் முறையின் அடியில் இன்றும் அதே குடும்பத்துச் சூத்திரம்தான் இருக்கிறது. வீட்டுக்கடன்களுக்கு ஒட்டுறவு 0.15 என்று விதியே நிர்ணயித்திருக்கிறது. மூலதனம் கணக்கிடப்படும் புள்ளி ஆயிரத்தில் ஒன்றான மோசமான ஆண்டு. முதல் எடுத்துக்காட்டில் கௌசியன் 5 என்றும் டி 26 என்றும் சொன்ன அதே ஆழம். சூத்திரத்தை மாற்றாமல் பாசெல் குழு 2017-இல் வேறொரு வேலி போட்டது: வங்கியின் சொந்தக் கணக்கு எவ்வளவு குறைத்துக் காட்டினாலும், இடருக்கேற்ப எடையிட்ட அதன் சொத்துகளின் மொத்த மதிப்பு, எல்லா வங்கிக்கும் பொதுவான எளிய முறையில் வரும் மதிப்பில் 72.5 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது.